தேவையா, விருப்பமா? மூன்றாம் வகுப்புக்குப் பதினாறு பட அட்டைகள்

"தண்ணீர் வேண்டும்" என்கிறோம். "ஐஸ்கிரீம் வேண்டும்" என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வேண்டும்'தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாயில் வருவதில் வியப்பில்லை. அந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வைப்பதுதான் இந்தப் பாடம். முக்கால் மணி நேரம் போதும். கரும்பலகை, சுண்ணக்கட்டி, பதினாறு அட்டைகள், உட்காரத் தரை இருந்தால் தொடங்கிவிடலாம்.

நான் ஈராசிரியர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கலந்து நடத்துகிறவள். இந்தப் பாடத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் செய்து, பலவற்றைத் தவறாகச் செய்து திருத்திக்கொண்டேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களும் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களும் அதே தவறுகளைச் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வட்டத்துக்கு என்ன பெயர்?

முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு வட்டத்தில் 'தேவை' என்றும் இன்னொன்றில் 'ஆசை' என்றும் எழுதினேன். 'ஆசை' பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிகிற சொல். அதுவே வினையாயிற்று. பேராசை பிடித்த நாயின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஆசை என்றாலே தப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாக்லேட் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இது கெட்டது டீச்சர்" என்று ஆசை வட்டத்தில் போட்டார்கள். அன்று மாலை பள்ளிக்கு வெளியே பெட்டிக்கடையில் அதே பிள்ளைகள் அதே சாக்லேட்டைச் சப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

இப்போது 'விருப்பம்' என்று எழுதுகிறேன். பாடநூல் வாடை கொஞ்சம் அடிக்கும். அதனால், "இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் சந்தோஷம்" என்று ஒரே ஒரு முறை விளக்கிவிடுவேன். 'தேவை'க்கு விளக்கம் எதுவும் சொல்வதில்லை. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

அட்டைகளைச் செய்வது

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கட்டு. இருபத்து நான்கு பேர் என்றால் ஆறு கட்டுகள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஓர் அட்டையின் அளவு கிடைக்கும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் எல்லோருக்கும் படம் தெரியும். பின்பக்கத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டுங்கள். சார்ட் தாளைவிட அவை விறைப்பாக இருக்கும், ஓரம் மடங்காது, காசும் ஆகாது.

பதினாறில் ஆறு அட்டைகள் எவரும் சண்டை போடாத தேவைகள்: குடிநீர்க் குடம், சோறும் குழம்பும், வீடு, சீருடை, மருந்து, கழிப்பறை. ஐந்து அட்டைகள் எளிதில் விருப்பத்துக்குப் போய்விடும்: குளிர்பானம், விளக்கு மின்னும் ஷூ, ரிமோட் கார், சாக்லேட், பட்டாசு. மீதி ஐந்தும் இரண்டு பக்கமும் இழுபடுபவை: மின்விசிறி, சைக்கிள், கைபேசி, மூக்குக்கண்ணாடி, பந்து. பாடம் நடப்பது இந்த ஐந்தில்தான். மற்ற பதினொன்றும் பிள்ளைகளுக்குக் கை பழகவும் நம்பிக்கை வரவும் இருப்பவை. நேரம் குறைவாக இருந்தால் அவற்றில் நான்கைந்தை எடுத்துவிடலாம். இழுபடும் ஐந்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாளிதழ் விளம்பரங்களில் இருந்து படங்களை வெட்டி ஒட்டுவது எளிது. நானும் அப்படித்தான் செய்தேன். 'வீடு' அட்டைக்கு மனை விற்பனை விளம்பரத்தில் இருந்த வீட்டை வெட்டினேன். இரண்டு மாடி, முன்னால் புல்வெளி, வாசலில் கார். மூன்று குழுக்கள் அதை விருப்பத்தில் போட்டன. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெண், "இவ்வளவு பெரிய வீடு யாருக்கு டீச்சர் தேவை?" என்றாள். தவறு என்னுடையது, பிள்ளைகள் படத்தைச் சரியாகவே படித்திருந்தார்கள். அட்டையில் இருக்கும் படம்தான் கேள்வி. ஆகவே வீடு என்றால் உங்கள் ஊர்த் தெருவில் இருக்கிற மாதிரி வீடு, சோறு என்றால் தட்டில் சோறும் குழம்பும். விளம்பரப் படம் சரிப்படாவிட்டால் கோட்டுப் படமாக வரைந்துவிடுங்கள். படத்தின் கீழே பெரிய எழுத்தில் பெயரையும் எழுதுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளை படத்தை வைத்து எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கட்டிலும் பதினேழாவதாக ஒரு வெற்று அட்டையையும் வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தொடங்கும் ஐந்து நிமிடம்

"உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம்" என்பது பிள்ளைகள் எங்கோ கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கும் வரி. தேவை என்றால் என்ன என்று கேட்டால் அதையே ஒப்பிப்பார்கள், உங்களுக்கும் பாடம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். கேட்காதீர்கள்.

அதற்குப் பதிலாகக் குடமும் ரிமோட் காரும் உள்ள இரண்டு அட்டைகளை மட்டும் தூக்கிக் காட்டுங்கள். "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். தண்ணீருக்கு உடனே பதில் வரும். காருக்கு ஒரு கணம் அமைதி, பிறகு, "அழுவோம்" என்று யாராவது சொல்வார்கள், வகுப்பு சிரிக்கும். "எவ்வளவு நேரம் அழுவீர்கள்?" "கொஞ்ச நேரம்." "அப்புறம்?" "விளையாடப் போய்விடுவோம்." இதுதான் அளவுகோல். "இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்பதைக் கரும்பலகையில் எழுதி, பாடம் முடியும் வரை அழிக்காமல் விடுங்கள். விளக்கம் எதுவும் தேவையில்லை.

தரையில் பிரிப்பது

ஒவ்வொரு குழுவின் நடுவிலும் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டங்கள். ஒன்றையொன்று தொட வேண்டாம், நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பிரிக்கப் பன்னிரண்டு நிமிடம்.

அட்டைக் கட்டை மொத்தமாகக் கொடுத்தால் குழுவில் வாய் நீளமான ஒரு பிள்ளை எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் பிரித்து வைத்துவிடும்; மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே ஆளுக்கு நான்காகப் பங்கிடுங்கள். யார் கையில் அட்டை இருக்கிறதோ அவர்தான் வட்டத்தில் வைக்க வேண்டும். வைக்கும்போது 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரு காரணம் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஒப்பவில்லை என்றால் அவர்களும் 'ஏனென்றால்' சொல்ல வேண்டும். கையால் இழுத்து நகர்த்தக் கூடாது.

சமாதானம் ஆகாத அட்டையை வட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வைக்கலாம். ஆனால் இரண்டே இரண்டு அட்டைகளைத்தான் அங்கே வைக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வரம்பு இல்லாத ஆண்டில் ஒரு குழு பதினொரு அட்டைகளை நடுவில் அடுக்கிவிட்டுச் சமர்த்தாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டுதான் என்றால் எதை நடுவில் வைப்பது என்பதற்கே ஒரு விவாதம் நடக்கும். அந்த விவாதமும் பாடம்தான்.

இந்தப் பன்னிரண்டு நிமிடமும் நீங்கள் சுற்றி வாருங்கள், திருத்தாதீர்கள். பட்டாசைத் தேவையில் போட்டிருந்தாலும் கடந்து போங்கள். காதில் விழும் காரணங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'பிடிக்கும்', 'எல்லோரிடமும் இருக்கிறது', 'அப்பா சொன்னார்' என்று வந்தால் அந்தக் குழு இன்னும் அளவுகோலைப் பயன்படுத்தத் தொடங்கவில்லை. 'நல்லது', 'கெட்டது' என்ற சொற்கள் வந்தால், உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேடுகிறார்கள். அங்கே மட்டும் குனிந்து கரும்பலகையைக் காட்டிவிட்டு நகருங்கள்.

பிரித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து மற்றக் குழுக்களின் வட்டங்களைப் பார்த்து வரட்டும். ஐந்து நிமிடம். அட்டைகளைத் தொடக் கூடாது. "அவர்கள் சைக்கிளை அங்கே வைத்திருக்கிறார்கள்!" என்ற கூச்சல் எழுந்தால் கலந்துரையாடலுக்கு அடுப்பு பற்றிவிட்டது என்று பொருள்.

கலந்துரையாடல்: ஒரு மின்விசிறி

பதினைந்து நிமிடத்தில் பதினாறு அட்டைகளையும் பேச முயல வேண்டாம். குழுக்கள் அதிகம் வேறுபட்ட இரண்டை மட்டும் எடுங்கள். சென்ற முறை எங்கள் வகுப்பில் முதலில் வந்தது மின்விசிறி. நான்கு குழுக்கள் தேவையில், ஒரு குழு விருப்பத்தில், ஒரு குழு நடுவில் வைத்திருந்தன.

"இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்றேன்.

"கொசு கடிக்கும். தூக்கம் வராது" என்றான் ஒருவன்.

விருப்பத்தில் வைத்த குழுவில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்கள் பாட்டி திண்ணையில் படுப்பார். அவருக்கு மின்விசிறியே வேண்டாம். நன்றாகத் தூங்குகிறார்."

"அப்படியானால் பாட்டிக்கு அது எந்த வட்டம்?"

"விருப்பம்கூட இல்லை டீச்சர். அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது."

இங்கே ஒரு பையன் நான் எதிர்பாராத வாதத்தைக் கொண்டுவந்தான். "எங்கள் வீட்டு மின்விசிறி அரசு கொடுத்தது. தேவை இல்லாததை அரசு கொடுக்குமா?" 2011இல் தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியும் கொடுத்தார்கள். இவன் பிறப்பதற்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்த மின்விசிறி அது. உடனே இன்னொருத்தி, "டிவியும்தான் கொடுத்தார்கள். அது தேவையா?" என்று மடக்கினாள். 2006இல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைச் சொன்னாள். பாட்டி வீட்டில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதாம். பெரியவர்கள் பல ஆண்டுகள் மேடையில் பேசித் தீராத வழக்கு, மூன்றாம் வகுப்புத் தரையில் இரண்டே வாக்கியத்தில் வந்து நின்றது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் மாற்றினேன்.

"பச்சைக் குழந்தை இருக்கும் வீடு. சித்திரை மாதம். ஜன்னல் ஒன்றுதான். அங்கே?"

"தேவை" என்றார்கள் எல்லோரும், திண்ணைப் பாட்டியின் பேத்தியும் சேர்ந்து.

"மார்கழியில்?"

சற்று யோசித்தார்கள். அந்த யோசனைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அவர்களே கண்டது இதுதான்: ஒரே பொருள் ஒருவருக்குத் தேவை, இன்னொருவருக்கு விருப்பம், ஒரு நாளில் தேவை, இன்னொரு நாளில் இல்லை. இதை நீங்கள் முன்னால் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். உங்கள் வேலை மூன்று கேள்விகள் கேட்பதுதான்: இல்லாவிட்டால் என்ன ஆகும்? யாருக்கு? எப்போது? 

"சரியான விடை எது டீச்சர்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். தண்ணீருக்கும் மருந்துக்கும் விடை உண்டு, அதைத் தயங்காமல் சொல்லுங்கள். மின்விசிறிக்கு, "யாருடைய வீட்டைப் பற்றிக் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். எல்லாமே அவரவர் எண்ணம் என்று விட்டுவிடுவதும் தவறு. சாக்லேட் இல்லாவிட்டால் செத்துவிடுவேன் என்கிற பிள்ளைக்கு அளவுகோல் கரும்பலகையில் இருக்கிறது.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான குழுக்கள் அதை விருப்பத்தில் போடும், ஆசிரியர்களும் தலையாட்டிவிடுவோம். நான் தலையாட்டுவதில்லை. விளையாட்டு இல்லாமல் ஒரு பிள்ளை வளர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகவே சொல்கிறது. இந்தியாவும் அதை ஏற்ற நாடு. பந்து என்கிற பொருள் விருப்பமாக இருக்கலாம், விளையாட்டு தேவையாக இருக்கலாம். எட்டு வயதில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் எட்டாது. எட்டுகிற ஒருவன், "பந்து இல்லாவிட்டால் கிட்டிப்புள் ஆடலாம்" என்பான். அவன் பிடித்துக்கொண்டான்.

வீட்டைக் கேட்காதீர்கள்

இந்தப் பாடத்தில் பிள்ளையின் மனம் நோகிற இடம் ஒன்று உண்டு. "யார் வீட்டில் கழிப்பறை இல்லை? கை தூக்குங்கள்" என்று ஒரு புதிய ஆசிரியர் கேட்டதை நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறேன். இரண்டு கைகள் பாதி எழுந்து கீழே இறங்கின. அதன் பிறகு அந்த இருவரும் அன்று பேசவில்லை. 'தேவை' என்று வட்டத்தில் போட்ட பொருள் தன் வீட்டில் இல்லை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது ஒன்று. அது வகுப்பு முழுவதற்கும் தெரிவது வேறு.

அதனால் நான் ஒரு கற்பனைப் பெண்ணை வைத்திருக்கிறேன். பெயர் மலர், எட்டு வயது, நம் ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறாள். எல்லாக் கேள்வியும் மலரைப் பற்றித்தான். "மலர் வீட்டில் மின்விசிறி இல்லை. அவளுக்கு என்ன ஆகும்?" பிள்ளைகள் தங்கள் வீட்டை மலர் வீட்டுக்குள் வைத்துப் பேசிக்கொள்வார்கள். தானாக முன்வந்து தன் வீட்டைப் பற்றிச் சொல்கிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். திண்ணைப் பாட்டி அப்படித்தான் வந்தார்.

சொல்லாமல் சொல்கிற பிள்ளையையும் கவனியுங்கள். ஓராண்டு மூக்குக்கண்ணாடியை எல்லாக் குழுக்களும் விருப்பத்தில் போட்டன. அவர்களுக்கு அது சினிமாக்காரர்கள் போடுவது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றதும் ஒருவன் சாதாரணமாக, "ஒன்றும் ஆகாது டீச்சர். பக்கத்தில் இருப்பவன் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்" என்றான். அவன் எப்போதும் அடுத்தவன் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறவன். நான் அதுவரை சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த பள்ளி மருத்துவக் குழுவிடம் அவனை முதலில் நிறுத்தினேன். கிட்டப்பார்வை. கண்ணாடி வந்த பிறகு, அந்த அட்டையைத் தேவை வட்டத்துக்கு அவனே எடுத்து வைத்தான்.

புரிந்ததா என்று பார்ப்பது

கடைசி ஐந்து நிமிடத்தில் குறிப்பேட்டில் ஒரே ஒரு வாக்கியம். பதினாறில் ஏதாவது ஓர் அட்டையைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு அது தேவை, இல்லாவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று எழுத வேண்டும். "சைக்கிள் தேவை, ஏனென்றால் எனக்குப் பிடிக்கும்" என்று எழுதியவருக்கு இன்னொரு முறை அட்டைகளோடு உட்கார வேண்டும். "சைக்கிள் மாமாவுக்குத் தேவை. இல்லாவிட்டால் பால் ஊற்றப் போக முடியாது" என்று எழுதியவருக்குப் புரிந்துவிட்டது. எழுத்துப்பிழையை அன்று திருத்தாதீர்கள். எழுத வராத பிள்ளை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடமாக 'வீட்டில் வாங்குவதைத் தேவை, விருப்பம் என்று பிரித்து எழுது' என்று கொடுக்கலாமே என்று தோன்றும். ஒருமுறை கொடுத்தேன். மறுநாள் காலை ஒரு தந்தை பள்ளி வாசலில் நின்றார். "டீச்சர், நான் குடிக்கிற டீ எனக்குத் தேவை இல்லை என்று சொன்னீர்களாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் மகள் முந்தின இரவு பட்டியலை அடுப்படியில் நின்று உரக்க வாசித்திருக்கிறாள். டீக்கு அடுத்த வரியில் பீடி. அதற்குப் பிறகு அந்த வீட்டுப்பாடத்தை நான் கொடுப்பதில்லை.

வெற்று அட்டை

நேரம் மிச்சமிருந்தால், இல்லாவிட்டால் மறுநாள், ஒவ்வொரு குழுவும் வெற்று அட்டையில் தாங்களாக ஒன்றை வரைந்து அடுத்த குழுவுக்குக் கொடுக்கட்டும். அடுத்த குழு அதை வட்டத்தில் வைத்துக் காரணம் சொல்ல வேண்டும். வரைந்தவர்கள் மறுக்கலாம்.

ஒரு குழு எருமையை வரைந்து கொடுத்தது. கொம்பைவிட மடி பெரிதாக இருந்தது. வாங்கிய குழு சிரித்துக்கொண்டே விருப்பத்தில் போட்டது: "எருமை இல்லாவிட்டால் யாருக்கு என்ன?" வரைந்தவன் வீட்டில் பால் வியாபாரம். அவன் எழுந்து, "எங்களுக்கு எருமை தேவை. உங்களுக்குப் பால் தேவை. எருமையை விருப்பத்தில் போட்டால் நாளைக்குப் பால் கேட்காதீர்கள்" என்றான். அட்டை தேவைக்குப் போயிற்று.

அதன் பின்பக்கமும் கல்யாணப் பத்திரிகைதான். ஓரம் கொஞ்சம் நைந்துவிட்டது. இப்போது எந்த வகுப்புக்கும் முதல் கட்டில் பதினேழாவதாக அதையே வைக்கிறேன். வெற்று அட்டை பதினெட்டாவது.